ஒரு துளிக்கு நாற்பது துளி

எங்கள் காலத்தில் இதைக் கைப்பழக்கம் என்பார்கள். இப்போதைய சொல் சுய இன்பம். இந்த வயதில் இதைப் பற்றி எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். பேரன் வயதுப் பையன்கள் இன்னும் இதே பயத்தோடு அலைகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். வகுப்பில் ஒருவர், இந்தப் பழக்கம் உள்ளவனுக்கு 'முவால் எப்பினியேர்', அதாவது முதுகுத் தண்டுவடம், உருகிப்போகும் என்று சொன்னார். வீட்டுக்கு வந்தால் பெரியப்பா, ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தத்துக்குச் சமம் என்பார். வகுப்பில் சொன்னது ஐரோப்பா, பெரியப்பா சொன்னது நம் ஊர் வைத்தியம் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் திஸோ 1760இல் பிரெஞ்சில் ஒரு புத்தகமே போட்டு, ஓர் அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதற்குச் சமம் என்று எழுதியிருக்கிறார். அதே நாற்பது! நம் பக்கத்தில் உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று வடிந்து ஏழாவதாகச் சுக்கிலம் ஆகிறது என்ற கணக்கு. கடைசியில் வடிவது விலை உயர்ந்தது என்று தோன்றுவது இயல்புதான்.

ஆபீஸில் கணக்கு பார்த்தே வாழ்ந்தவன் நான். இதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைக்கு வெளியாவது ஏறத்தாழ மூன்று மில்லி, அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். நாற்பதால் பெருக்கினால் 120 மில்லி ரத்தம். வாரம் மூன்று முறை என்றால் மாதத்தில் ஒன்றரை லிட்டர். ஒரு ஆளின் உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் அளவுதான். ரத்த தானத்தில் 350 மில்லி கொடுத்துவிட்டே மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு உண்மையானால் ஊரில் வாலிபன் ஒருவனும் மிஞ்சியிருக்க மாட்டான்.

விந்து ரத்தத்திலிருந்து வடித்தெடுத்த சத்து இல்லை. அதில் பெரும்பகுதி விந்துப்பையும் ப்ராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். உயிரணுக்கள் மிகச் சொற்பம். வாலிபத்தில் தொடங்கி அவை நாள்தோறும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாதவற்றை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்கிறது, சிலசமயம் தூக்கத்தில் வெளியேற்றுகிறது. சேர்த்து வைக்கும் உண்டியல் எதுவும் உள்ளே கிடையாது.

எங்கள் தெருவில் பி.காம். படிக்கும் பையன் ஒருவன். சோர்வு, இடுப்பு வலி, படிப்பில் மனம் போகவில்லை. பத்திரிகை விளம்பரம் பார்த்து, மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ஒருவரிடம் தனியாகப் போயிருக்கிறான். அவர் கண்ணாடி டம்ளரில் சிறுநீர் பிடித்துவரச் சொல்லி, கலங்கலைக் காட்டி, "பார் தம்பி, தாது போகிறது" என்றாராம். ஒரு மண்டலத்துக்கு லேகியம், பன்னிரண்டாயிரம் ரூபாய். இப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே சட்டம் வந்துவிட்டது என்பது வேறு கதை.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்து, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனோம். அவரும் அதே மாதிரி டம்ளரில் சிறுநீர் கேட்டார். அன்றும் கலங்கல்தான். அதில் வினிகர் போன்ற அமிலம் சில சொட்டு விட்டார். பையன் கண் முன்னாலேயே தெளிந்துவிட்டது. "இது பாஸ்பேட் உப்பு. நன்றாகச் சாப்பிட்ட பிறகு பலருக்கும் இப்படி வரும். அமிலம் விட்டும் தெளியாவிட்டால் கிருமியோ சீழோ இருக்கலாம், அப்போது லேபுக்கு அனுப்புவேன்" என்றார். ஹீமோகுளோபின் 14 இருந்தது. நாற்பது துளிக் கணக்குப்படி அது பாதிக்கும் கீழே போயிருக்க வேண்டும்.

சோர்வு பொய்யில்லை என்பதையும் டாக்டரே சொன்னார். 'உடம்பு சூடு' என்று முட்டை, மீன் எல்லாம் நிறுத்தியிருந்தான். இரவில் பயத்தில் தூக்கமில்லை. இப்படி வருகிறவர்கள் ஏராளம். டாக்டர் விக் என்ற மனநல மருத்துவர் 1960இல் இதற்குத் தாதுவின் பெயரையே வைத்தார். நோய் விந்துவில் இல்லை, பயத்தில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு டாக்டர் மூன்று முறை வரச் சொல்லி உட்காரவைத்துப் பேசினார். லேகியம் எழுதித் தரவில்லை என்று அப்பாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆண்மை போகும், குழந்தை பிறக்காது, கண் குழி விழும் என்பவற்றுக்கும் இதே கதிதான், ஒன்றுக்கும் ஆதாரமில்லை. ஆனால் விந்துவில் ரத்தம் தெரிந்தால், சிறுநீர் எரிந்தால், விரையில் வலியோ கட்டியோ இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். காலேஜ், வேலை, தூக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிறுத்தவே முடியாமல் போனாலும் அப்படித்தான். அது மனநல டாக்டரிடம் பேச வேண்டியது. அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகச் சொல்லும்போது பையனோடு அப்பா உள்ளே போகாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நல்லது. அப்பா பக்கத்தில் இருந்தால் அவன் இடுப்பு வலியைப் பற்றி மட்டும்தான் பேசுவான்.