வாய் திறவாத களிமண்

பொத்துவிலில் வாழும் இளைஞரொருவர் தாம் எழுதிய சிறுகதையொன்றை அண்மையில் எம்மிடம் படிக்கத் தந்தார். களிமண் பாவையைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்துச் சலனப்படமாக்கும் கலைஞன் ஒருவனே கதைத் தலைவன். அவன் வனைந்த மீனவப் பாவை கடலில் மாள வேண்டுமென்பது எழுதிவைத்த கதை. நள்ளிரவில் அப்பாவை எழுந்து நின்று, "நான் சாகமாட்டேன்" என்று கலைஞனோடு வாதாடுகிறது. நடை நன்று, கற்பனையும் உண்டு. ஆயினும், பாவை பேசத் தொடங்கிய இடத்திலேயே கதை பொய்யாகிவிட்டது என்பது எமது கருத்து.

ஏனெனில், களிமண் மறுப்பதற்கு நா வேண்டியதில்லை. இத்தொழிலிற் பெரிதும் பயன்படுவது எண்ணெய் கலந்த, காயாத களி. திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிலையை இரண்டு படங்களுக்கு நிறுத்தினாலும், ஒரு நிமிடக் காட்சிக்குப் பாவையை 720 முறை தொட்டு அசைக்க வேண்டும். விளக்கின் வெம்மையிலேயே களி இளகும். பொத்துவிலின் நண்பகலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! உயர்த்திய கை மயிரிழையளவு தாழ்வதை வேலையின்போது கண் காணாது. படத்தை ஓட்டிப் பார்க்கும்போதுதான், வீரனாய் நிற்க வேண்டியவன் களைத்தவனாய்த் தோன்றுவான். உள்ளே கம்பி வைத்துத் தாங்கலாம். பன்முறை வளைந்தபின் அக்கம்பியும் முழங்கையில் முறியும். அப்பொழுது கலைஞன் மீண்டும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அன்றேல் அந்தக் களைப்பைக் கதைக்குள் ஏற்க வேண்டும்.

ஏற்றுக்கொண்டவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் நிக் பார்க், மாணவராயிருந்தபோது 1982இல் தொடங்கி 1989இல் முடித்த படத்தில், வாலஸ் என்னும் மனிதனும் குரோமிட் என்னும் நாயும் வருகின்றனர். குரோமிட் பேசுவதாகவே முதலில் திட்டம். பீட்டர் ஹாக்கின்ஸ் என்னும் நடிகரின் குரலும் கருதப்பட்டிருந்தது. வாலஸ் மரம் அறுக்கும் காட்சி வந்தது. நாயின் முதுகே அறுப்பு மேசை. அதன்மேற் கதவுப் பலகை. பலகையின்கீழ் அகப்பட்ட உருவத்தை எட்டி அசைப்பது அரிதாயிற்று. பார்க் புருவத்தையும் கண்களையும் மாத்திரம் சற்றே நகர்த்தினார். சலிப்பு, பொறுமை, எசமான்மீது ஐயம் யாவும் அதிலேயே வந்துவிட்டன. வாயைக் கைவிட்டார், பின்வந்த படங்களிலும் அந்நாய் பேசவில்லை. நாய் மறுத்தது என்பது உபசார வழக்கே. மறுத்தவை களியும் பலகையும். அம்மறுப்பைக் கேட்கத் தெரிந்தவர் பார்க்.

ஆதலின் நம் இளைஞர் நள்ளிரவு வாதத்தை நீக்கிவிடட்டும். மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்ததொரு பகலில், துடுப்பைப் பற்றிய மீனவனின் கை தானாகத் தாழ்வதாக எழுதட்டும். அதனை நிமிர்த்தக் கலைஞன் விரலை நீட்டுகிறான். தொட்டானா, பாதியில் நிறுத்தினானா என்பதை அவர்தாம் எமக்குச் சொல்ல வேண்டும்.