திரும்பி வாற அம்மாவுக்கு ஒரு ஈமெயில்

எங்கட டீமில் ஒரு பிள்ளை பதினெட்டு மாத மகப்பேறு விடுப்பு முடிஞ்சு வேலைக்குத் திரும்புறா. வரவேற்று ஈமெயில் எழுதுறது என்ர பொறுப்பு. "உங்களைக் காண ஆவலாக இருக்கிறோம், கேக் வெட்டுவோம்" எண்டு எழுதிப்போட்டு அக்காவிடம் வாசிக்கக் குடுத்தன்.

"இதில அவவின்ர வேலை எங்க இருக்கு?" எண்டு கேட்டா அக்கா. அவ மூத்தவனைப் பெற்றுத் திரும்பினபோது வந்த ஈமெயிலிலும் கேக் இருந்ததாம், மேசை இருக்கவில்லை. அவவின் வேலையை இன்னொருவருக்குக் குடுத்திருந்தார்கள்.

ஒன்ராறியோவின் 2000ஆம் ஆண்டுத் தொழில் நியமச் சட்டம் இதில் தெளிவு. விடுப்பு முடிந்தவரை, முன்பு செய்த வேலை இன்னும் இருந்தால் அதே வேலைக்கு எடுக்க வேணும். அந்த வேலையே இல்லாமல் போனால்தான் அதற்கு ஒப்பான வேறொன்று. இடையில் நிரப்ப வந்தவர் நன்றாகச் செய்கிறார் என்பது காரணமாகாது.

சம்பளத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. போகும்போது மணிக்கு 31 டொலர். அவ இல்லாத காலத்தில் அந்த வேலை செய்த எல்லாருக்கும் ஒரு டொலர் கூட்டினோம். விடுப்பில் போகாமல் இருந்திருந்தால் அவவுக்கும் அது கிடைச்சிருக்கும். ஆகவே திரும்பும்போது 32. எங்கட எச்ஆர் பட்டியலில் 31 எண்டே கிடந்தது, கேட்டுத் திருத்தினன். வங்கி, விமான சேவை போன்ற இடங்களில் இருப்போருக்கு இந்தச் சட்டம் அல்ல, மத்திய அரசின் கனடா தொழில் கோவை.

பிறகு ஈமெயிலைத் திரும்ப எழுதினன். முதல் வரியில் பதவி, சம்பளம், தொடங்கும் நாள். அடுத்து, மாறியவை மூன்று மட்டும்: புது மேலாளர், புது மென்பொருள், வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம். மற்றதெல்லாம் முதல் வாரத்தில் நேரில் சொல்லலாம். தாய்ப்பால் எடுக்கப் பூட்டக்கூடிய அறை எது, குளிர்சாதனப் பெட்டி எங்கே என்பதையும் எழுதினன். கழிவறையைக் காட்டுவது ஏற்பாடு ஆகாது. மனித உரிமைக் கோவைப்படி இதற்கு இடம் செய்து குடுப்பது முதலாளியின் கடமை. டேகேர் நேரத்துக்காக வேலை நேரத்தை மாற்ற வேணுமெண்டால் யாரிடம் கதைப்பது எண்டும் ஒரு வரி.

அனுப்பப் போகும்போதுதான் கவனித்தன், அலுவலக முகவரிக்குப் போட்டிருக்கிறன். பதினெட்டு மாதம் திறக்காத கணக்கு பூட்டிக் கிடக்கும். அவவின்ர சொந்த முகவரிக்கு, இரண்டு கிழமை முன்னதாக அனுப்பினன்.

நீங்கள் திரும்பிப் போறவர் எண்டால், உங்களுக்கு வாற ஈமெயிலில் பதவியும் சம்பளமும் இருக்குதா எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் முதல் நாளுக்கு முன்னமே எழுத்தில் கேளுங்கோ.

அவவின் பதில் ஒரு வரிதான்: "நன்றி அண்ணா, இப்பதான் நித்திரை வரும்."