தொட்டுப் பார்த்தால் தெரியாத ஈரம்

நூல் கோனைக் கையில் அழுத்திப் பார்த்து "நல்லா காஞ்சிருக்கு" என்று சொல்லி வாங்குகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. எடைக்குக் காசு கொடுக்கிற வியாபாரத்தில் அந்தக் கையை நம்பவே கூடாது!

காரணம் இழைக்குள்ளே இருக்கிறது. கம்பளி ஒரு புரதம். அதன் மூலக்கூறுகளில் தண்ணீரை ஈர்க்கும் இடங்கள் ஏராளம். காற்றிலுள்ள நீராவி இழைக்குள் புகுந்து அந்த இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. இழையின் வெளித்தோலோ மெல்லிய கொழுப்புப் படலம் கொண்டது, நீரை ஒட்டவிடாது. ஆகவே தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீரை விழுங்கிய பின்னும் கம்பளி நனைந்ததாகத் தோன்றாது. பாலியஸ்டரில் அப்படி ஈர்க்கும் இடங்கள் மிகக் குறைவு, மூலக்கூறுகளும் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் இழைகளுக்கு நடுவே நிற்கிறது. அதனால்தான் நெல்லை வெயிலில் பாலியஸ்டர் சட்டை கொஞ்ச வியர்வைக்கே முதுகில் ஒட்டுகிறது. அதிகம் குடித்தது காய்ந்ததாகத் தெரிகிறது, குடிக்காதது ஈரமாகத் தெரிகிறது... வேடிக்கைதான்.

முழுக்க உலர்த்திய 100 கிலோ இழை, 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் எத்தனை கிலோ நீரைத் திரும்ப எடுக்கிறதோ, அதுவே அதன் 'ரீகெய்ன்'. பாலியஸ்டருக்கு 0.4, கம்பளிக்குச் சுமார் 16. நடுவில் நிற்கும் பருத்திக்கு வியாபாரக் கணக்கில் 8.5.

நம் ஊருக்கு வேண்டியது இந்தப் பருத்திக் கணக்குதான். 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி அருவியின் விசையை நம்பிப் பாபநாசத்தில் ஆலை தொடங்கிய நாளிலிருந்து பருத்தி நூல் இந்தப் பள்ளத்தாக்கின் தொழில். நூற்பாலைக்குள் காற்றை ஈரமாகவே வைப்பார்கள், இல்லாவிட்டால் நூல் அறுந்துபோகும். அதில் தப்பில்லை. விற்பனைச் சீட்டில் எந்த எடையைப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒருவர் 108.5 கிலோ நூல் வாங்குகிறார். சோதித்தால் ரீகெய்ன் 10. அப்படியென்றால் உலர்ந்த நூல் 98.6 கிலோதான். அதற்கு 8.5 சதவீத ஈரம் சேர்த்தால் நியாயமான எடை 107 கிலோ. மீதி ஒன்றரை கிலோ, நூல் விலையில் வாங்கிய தண்ணீர்!

கண்டுபிடிப்பது கடினமல்ல. சரக்கு வந்தவுடனே மாதிரி எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டி எடை போட வேண்டும். பிறகு 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். கோனின் மேல் சுற்று மட்டும் போதாது. அது காற்றுக்கேற்ப சீக்கிரம் மாறிவிடும், உள்சுற்று மெதுவாகத்தான் மாறும்.

கம்பளி வியாபாரத்தில் இதற்கென்றே இங்கிலாந்தின் பிராட்போர்டில் தனிச் சோதனைக் கூடம் வைத்தார்கள். இங்கே அவ்வளவு வேண்டாம். சீட்டில் எடைக்குப் பக்கத்தில் ரீகெய்னையும் எழுதட்டும். விற்பவருக்கு அது ஒரு வரி, வாங்குகிற சிறு தறிக்காரருக்கோ அது லாபத்தின் ஒரு பகுதி.