கலியாணமாகி முப்பது வருடத்துக்குப் பிறகு என்ன கதை?

“பிள்ளைகளைப் படிப்பிச்சு, வீட்டுக் கடனும் கட்டியாச்சு. இதைவிட என்ன அன்பு? இனி மனம்விட்டுக் கதைக்கப் போனால் சண்டைதான் வரும்” என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். சண்டை வருவது கதைப்பதால் அல்ல, தொடங்கும் விதத்தால்.

மொன்றியலில் எங்கள் வீட்டில் என் கணவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. புதுக் கண்ணாடி போட்டுப் பத்து நாளாகியும் அவர் கவனிக்கவில்லை. “நீங்கள் ஒருநாளும் என்னைப் பாக்கிறேல்லை” என்றேன். “அப்ப நான் ஆருக்காக உழைக்கிறன்?” என்றார். கதை அதோடு முடிந்தது.

1999இல் கரேர், காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதங்களை ஆராய்ந்தார்கள். பின்னால் யார் பிரிவார்கள் என்பதற்கான அறிகுறி முதல் மூன்று நிமிடத்திலேயே தெரிந்தது. பழைய மணங்களுக்கும் இதில் பாடமுண்டு.

அடுத்த ஞாயிறு மாற்றிச் சொன்னேன்: “இஞ்சாருங்கோ, கண்ணாடி மாத்தினதை நீங்கள் கேக்கேல்லை. தனிச்சுப்போன மாதிரி இருந்தது. ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் பத்து நிமிசம் கதைப்பமே?” “ஒருநாளும்” இல்லை, ஒரு சம்பவம், ஒரு உணர்வு, ஒரு கேள்வி. அவர் ரீவியை நிறுத்தினார்.

வாய் திறக்கவே பயமுள்ள வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. மற்ற வீடுகளில், நண்பரே, கடன் கட்டிய ரசீது பதிலாகாது.