ஹவுஸ் ஓனரிடமிருந்து 'வாடகை உயர்வு' நோட்டீஸ்: அப்படியே கட்ட வேண்டுமா?

மாதம் முடிய பத்து நாள் இருக்கும். ஓனரிடமிருந்து ஒரு தாள் வரும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். "வரும் 1ஆம் தேதி முதல் வாடகை இவ்வளவு." பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. வேறு வழியில்லை என்று சத்தமில்லாமல் கட்டிவிடுவது. அல்லது கோபத்தில் "பார்த்துக்கலாம்" என்று வாடகையையே நிறுத்திவிடுவது. இரண்டுமே வாடகைதாரருக்குத்தான் நஷ்டம். ஏன் என்று ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

நோட்டீஸில் என்ன இருக்கிறது?

மதுரை மாவட்டம் எழுமலையில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர் தனியார் நிறுவன ஊழியர். 2025 ஜூன் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை, வழக்கமான 11 மாத ஒப்பந்தம். வாடகை ரூ.6,000, அட்வான்ஸ் ஐந்து மாத வாடகையாக ரூ.30,000. "புதுப்பிக்கும்போது வாடகை 5% உயரும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பிறகு அதை யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2026 ஜனவரி 20 அன்று வரும் நோட்டீஸ் இப்படி இருக்கிறது:

"வீட்டு வரி, பராமரிப்புச் செலவு உயர்ந்துவிட்டதால், தாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் மாத வாடகை 01.02.2026 முதல் ரூ.6,900 என மாற்றப்படுகிறது. அட்வான்ஸ் வித்தியாசத் தொகை ரூ.4,500-ஐயும் சேர்த்துச் செலுத்தவும்."

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: காரணம், தேதி, தொகை. மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் அளவுகோல் நோட்டீஸில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதில் 'நியாய வாடகை' என்ற ஒன்றை நிர்ணயிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. நகர்ப்புறங்களுக்காக வந்த சட்டம் இது. எழுமலை போன்ற பேரூராட்சிகளும் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள்தான்.

புதிய சட்டத்தின் 9ஆவது பிரிவு சுருக்கமாகச் சொல்வது இதுதான்: வாடகையை மாற்றுவது ஒப்பந்தத்தில் எழுதியுள்ளபடி நடக்க வேண்டும். கவனியுங்கள், இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டத்தில் எந்த உச்சவரம்பும் இல்லை. "வருஷத்துக்கு 10% ஏத்தலாம்னு சட்டமே இருக்கு" என்று ஓனர் சொன்னாலும் சரி, "5%-க்கு மேல ஏத்த முடியாது" என்று நண்பர் சொன்னாலும் சரி, இரண்டும் ஊர்ப் பேச்சுதான். ஒப்பந்தத்தில் எழுதிய சதவீதம்தான் சதவீதம்.

அப்படியானால் அந்த நோட்டீஸ் செல்லுமா?

முதலில் தேதி. ஒப்பந்தம் ஏப்ரல் 30 வரை ரூ.6,000 என்கிறது. நடுவில் ஏற்றலாம் என்று எந்த வரியும் இல்லை. ஆகவே பிப்ரவரி 1 என்ற தேதிக்கு ஒப்பந்தத்தில் ஆதாரம் கிடையாது. நோட்டீஸ் பத்து நாள் முன்பு வந்ததா, ஒரு மாதம் முன்பு வந்ததா என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். உயர்வுக்கே இடமில்லாதபோது, முன்கூட்டியே சொன்னதால் மட்டும் அது செல்லுபடியாகிவிடாது.

அடுத்து தொகை. ரூ.6,000-லிருந்து ரூ.6,900 என்பது 15% உயர்வு. ஒப்பந்தம் சொல்வது 5%, அதுவும் புதுப்பிக்கும்போது. அதாவது மே 1 முதல் ரூ.6,300. நோட்டீஸை அப்படியே ஏற்றுக்கொண்டால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று மாதத்துக்கு ரூ.2,700 கூடுதல். அடுத்த 11 மாத ஒப்பந்தக் காலத்தில் மாதம் ரூ.600 வீதம் ரூ.6,600 கூடுதல். மொத்தம் ரூ.9,300, ஒன்றரை மாத வாடகை. எடுத்துப் பார்க்காத ஒரு வரியின் விலை அது.

கடைசியாகக் காரணம். வீட்டு வரி உயர்ந்தது உண்மையாகவே இருக்கலாம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25%, 601 முதல் 1,200 சதுர அடி வரை 50% என்று உயர்ந்தது. ஆனால் அதை மாதக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அரையாண்டு வரி ரூ.800 கட்டிய வீட்டுக்கு 50% உயர்வு என்றால் ஆறு மாதத்துக்கு ரூ.400. மாதத்துக்கு ரூ.67 கூட வராது. ரூ.900 உயர்வுக்கு அது விளக்கமாகாது. வரியை உள்ளாட்சிக்குக் கட்டும் பொறுப்பு உரிமையாளருடையது. அதை வாடகைதாரர் தலையில் வைக்க வேண்டுமானால் அதற்கும் ஒப்பந்தத்தில் இடம் வேண்டும்.

பராமரிப்பும் அப்படித்தான். வழக்கமான ரிப்பேர் வேலைகளைக் காட்டி வாடகையை ஏற்ற முடியாது. புதிதாக ஓர் அறை கட்டுவது போன்ற மேம்பாட்டு வேலை என்றால் ஏற்றலாம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த உயர்வு வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

அட்வான்ஸ்? வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். இந்த வாடகைதாரர் ஐந்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆகவே கொடுத்த ரூ.30,000-ஐக் கேள்வி கேட்பது கடினம். கூடுதல் ரூ.4,500-க்கு அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

என்ன பதில் அனுப்ப வேண்டும்?

சண்டை போடும் கடிதம் தேவையில்லை. நான்கு வரி போதும்:

"ஐயா, தங்களின் 20.01.2026 தேதியிட்ட நோட்டீஸ் கிடைத்தது. நமது ஒப்பந்தப்படி 30.04.2026 வரை வாடகை ரூ.6,000. புதுப்பிக்கும்போது 5% உயர்வு. ஆகவே ஏப்ரல் வரை ரூ.6,000-ம், புதுப்பித்தால் மே 1 முதல் ரூ.6,300-ம் செலுத்தச் சம்மதம்."

இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தபாலுக்குக் கூடவே வாட்ஸ்அப்பிலும் போடலாம். அதன் பிறகு, வழக்கமான தேதியில் பழைய வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் "பிப்ரவரி 2026 வாடகை" என்று எழுதுங்கள். எதுவும் சொல்லாமல் ஒரு மாதம் ரூ.6,900 அனுப்பிவிட்டால், "அவரே ஒத்துக்கிட்டுதான் கட்டினார்" என்று ஓனர் சொல்ல வழி கிடைத்துவிடும்.

வாடகையை நிறுத்தினால் என்ன ஆகும்?

இதுதான் பெரிய பொறி. உயர்வு தவறாக இருந்தாலும், ஒப்புக்கொண்ட பழைய வாடகை பாக்கிதான். இரண்டு மாத வாடகை பாக்கி சேர்ந்து, அதைக் கேட்டு முறைப்படி நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டவில்லை என்றால், வீட்டைக் காலி செய்யக் கோரி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். உயர்வைப் பற்றிய வழக்கில் ஜெயிக்க வேண்டியவர், பாக்கி வழக்கில் தோற்றுவிடுவார்.

சில ஓனர்கள் "புது வாடகை கொடுத்தா வாங்குறேன், இல்லேன்னா வேணாம்" என்று பணத்தைத் திருப்புவார்கள். அப்போதும் நிறுத்தக் கூடாது. மணி ஆர்டரிலோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்ப வேண்டும். அப்போதும் வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் அந்தத் தொகையைச் செலுத்தலாம்.

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின் இணைப்பைத் துண்டிப்பது போன்ற நெருக்கடிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படி நடந்தாலும் புகார் போக வேண்டிய இடம் அதே வாடகை அதிகாரிதான்.

பேசித் தீரவில்லை என்றால்?

மாவட்ட ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அலுவலர்தான் வாடகை அதிகாரி. உயர்வு பற்றித் தகராறு வந்தால் உரிமையாளரும் விண்ணப்பிக்கலாம், வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். புதிய வாடகை எவ்வளவு, எந்தத் தேதி முதல் என்ற இரண்டையும் அவர் முடிவு செய்வார்.

ஆனால் அங்கே போக ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு வேண்டாம் என்பதால்தான் எல்லோரும் 11 மாதம் போடுகிறார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் பதிவு வேறு. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். www.tenancy.tn.gov.in தளத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஓனர் செய்யவில்லை என்றால் வாடகைதாரரே செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

ஒப்பந்தம் காப்பாற்றுவது அதன் காலம் வரைதான். ஏப்ரல் 30-க்குப் பிறகு புதுப்பிக்காமலே குடியிருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குப் பிறகு புது ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது வீடு மாற வேண்டும்.

ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர் நிலை இன்னும் பலவீனம். சிறு ஊர்களில், "நம்ம ஊர்க்காரங்கதானே" என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுச் சாவி வாங்குபவர்கள் இவர்கள்தான். எந்த வாடகை, எந்தத் தேதி என்பதற்கு அவர்கள் கையில் தாளே இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திருப்பிக் கேட்கவும் சட்டம் உரிமையாளருக்கு வழி வைத்திருக்கிறது.

எனவே அடுத்த முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனை சதவீதம் உயரும், எந்தத் தேதியில் உயரும், எத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். "அப்போதைய வாடகையின் மீது" என்ற சொற்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு கணக்கில் குழப்பம் வராது. இந்த மூன்று வரிகள் இருந்தால், ஓனர் அனுப்பும் நோட்டீஸ் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொகையை நினைவூட்டும் தாளாக மட்டும் இருக்கும்.