கல்வெட்டும் கடைசிப் படியும்

அச்சகத்தைத் திட்டுவது எங்கள் ஊரில் அந்தியேட்டிச் சடங்கின் ஓர் அங்கமாகிவிட்டது. முப்பத்தோராம் நாள் கல்வெட்டைக் கையில் வாங்கியவுடன் யாராவது ஒருவர் பிழை கண்டுபிடிப்பார். "அச்சகக்காரன் கெடுத்துப்போட்டான்" என்ற தீர்ப்பு உடனே வரும். பெரும்பாலும் அது பொய்த் தீர்ப்பு. கெடுத்தது குடும்பம்.

எனக்குத் தெரிந்த வீடொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தகப்பனார் காலமானார். ஒரு மகன் ஊரில், ஒரு மகள் லண்டனில், ஒரு மகன் ரொறன்ரோவில். இன்னொரு மகன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் காணாமற்போனவர். வாழ்க்கை வரலாற்றின் முதற்படியில் அவர் பெயருக்கு முன்னால் யாரோ 'அமரர்' என்று எழுதியிருந்தார்கள். தாயாருக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். "அவன்ரை பேருக்கு முன்னாலை ஒண்டும் போடாதையுங்கோ" என்றார். ஊரிலிருந்த மகன் அச்சொல்லை நீக்கி இரண்டாம் படியைத் தயாரித்தார்.

அதே வேளையில் லண்டன் மகள், தன்னிடமிருந்த முதற்படியிலேயே தன் கணவரின் முதலெழுத்தைத் திருத்தி `appa_final_new2.docx` என்று பெயரிட்டு அனுப்பினார். பெயரைப் பார்த்தவர்கள் அதுதான் கடைசி என்று நம்பினார்கள். அதுவே அச்சகத்துக்குப் போயிற்று. மருமகனின் முதலெழுத்து சரியாக வந்தது. 'அமரர்' திரும்பி வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே எந்தப் படி அச்சேறியது என்பது விளங்கிவிடும். அச்சகத்தில் எவரும் ஓர் எழுத்தையேனும் மாற்றவில்லை. கீரிமலையிலிருந்து திரும்பிய தாயார் அந்தப் பக்கத்தை விரித்தபடி இருந்த இருப்பை நான் மறக்கமாட்டேன்.

"எல்லோரும் பார்க்கட்டும், எல்லோரும் திருத்தட்டும், அதுதான் ஜனநாயகம்" என்று வட்ஸ்அப் குழுவில் கோப்பைப் போடுகிறவர்களோடுதான் என் சண்டை. எல்லோரும் பார்க்கலாம். எல்லோரும் கோப்பைத் தொடக்கூடாது. கோப்பு ஒருவர் கையில் மாத்திரம் இருக்கவேண்டும். அவர் மூத்தவராகவோ படித்தவராகவோ இருக்கத் தேவையில்லை. அச்சகத்துக்கு நேரில் போகிறவராக இருந்தால் போதும். மற்றவர்கள் திருத்திய கோப்பை அனுப்பாமல், திருத்தத்தை மாத்திரம் எழுதி அனுப்பவேண்டும்: எத்தனையாம் படி, எந்தப் பந்தி, இருப்பது என்ன, வரவேண்டியது என்ன.

படிக்குப் பெயர் 'கடைசி' அல்ல, எண். முதற்பக்கத்தின் தலையிலேயே '3ஆம் படி' என்று திகதியோடு இருக்கட்டும். மூன்றாம் படி வந்தபின் இரண்டாம் படியைப் பார்த்து ஒருவர் திருத்தம் சொன்னால், அந்தத் திருத்தத்தை எடுத்து மூன்றாம் படியில் சேர்க்கவேண்டும். பழைய படிகளை அழிக்க வேண்டாம். ஆனால் மறுபடி எவருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்பதும் குழப்பமே. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் பெயர்களை உறுதிப்படுத்தட்டும். திதி வெண்பாவுக்கான திதியைக் குருக்களிடம் கேளுங்கள். வாக்கியமும் திருக்கணிதமும் சில மணி நேரம் வேறுபடும். ரொறன்ரோவிலிருப்பவர் அங்குள்ள நாட்காட்டியைப் பார்த்துத் திருத்தினால், ஆண்டுத் திவசமே பிழைத்த நாளில் வந்துவிடும்.

"ஒருவர் கையில் கொடுத்தால் தனக்குப் பிடிக்காதவரை அவர் விட்டுவிடுவாரே" என்பார்கள். நியாயமான அச்சம். யாழ்ப்பாணத்துக் கல்வெட்டுகளில் முதல் தாரத்துப் பிள்ளைகள் காணாமற்போன கதைகள் உண்டு. ஆகவேதான் ஒரு கொப்பி வேண்டும் என்கிறேன். யார், எந்த நாளில், எதை மாற்றச் சொன்னார், ஏற்றோமா, இல்லையேல் ஏன் என்று அதில் எழுதிவைக்கவேண்டும். கேட்கிற எவருக்கும் அதைக் காட்டவேண்டும். 'அமரர்' போன்ற சொல்லைப் பற்றிய முடிவு கோப்பு வைத்திருப்பவருடையது அன்று. அது தாயாருடையது. அதை எழுதுவது மாத்திரமே அவர் வேலை.

இருபதாம் நாளோடு திருத்தத்தை மூடிவிடுங்கள். அச்சகம் அந்த உரையைப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் அமைத்தபின் உங்கள் கணினியிலுள்ள கோப்பு செத்த கோப்பு. அதன்பின் புதுக்கோப்பு அனுப்பினால் பக்கமெல்லாம் மறுபடி அமைக்கவேண்டும். அச்சுப்படியில் செய்த திருத்தங்களெல்லாம் போய்விடும். பிழையிருந்தால் அச்சுப்படியில் பேனையாற் குறித்துக் கொடுங்கள். அந்த அச்சுப்படியை வீட்டிலுள்ள முதியவருக்கு உரத்து வாசித்துக் காட்டியபின் ஒருவர் கையொப்பமிடட்டும்.

சின்னப் புத்தகத்துக்கு இவ்வளவா என்று கேட்காதீர்கள். நினைவு மலர்களை நூலகம் இணையத்தளம் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வைக்கிறது. நாளை அந்த வம்சாவழியைத் தேடும் பேரப்பிள்ளைக்கு அதுவே சான்று. அந்த வீட்டிலோ இளைஞர்கள் இரவிரவாக இருந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்த ஒரு சொல்லின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். முதல்நாளே கைமாறிப்போன பிரதிகளில் அந்த மகன் இன்றும் அமரர்தான்.