ஒரு நாள் தாமதமாக வந்த ரிசல்ட்

முதலில் ஒரு குட்டிக் கதை. கற்பனைதான், ஆனால் இதில் வரும் நேரக் கணக்கு நிஜம்.

மதுரையில் பி.காம் முடித்த ஒரு பெண், செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். ஒரே ஒரு அரியர் பேப்பர் பாக்கி. கிளம்புவதற்கு முன்பே எழுதிவிட்டாள், ரிசல்ட் வரவில்லை. அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, இந்திய நேரம் மாலை 5.30க்கு ரிசல்ட் வெளியாகிறது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க சனிக்கிழமை மாலை 5 மணி கடைசி. அவளுக்கு ரிசல்ட் எஸ்எம்எஸ் வருவது வெள்ளிக்கிழமை, லீட்ஸ் நேரம் மதியம் 2.03க்கு. 2 மார்க்கில் ஃபெயில்!

அந்த மாதத்தில் லீட்ஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதாவது இங்கே வெள்ளி மாலை 6.33. கல்லூரி ஆபீஸ் பூட்டியாச்சு. விண்ணப்பத்தில் பிரின்சிபால் கையெழுத்து வேண்டும். மொத்தம் கிடைத்த 47½ மணி நேரத்தில் 25 மணி நேரம் போயே போச்சு. மிச்சம் இருப்பது சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ்.

சனிக்கிழமை காலை அவளுடைய அப்பா கல்லூரிக்கு ஓடுகிறார். "நேத்துதான் சார் பிள்ளைக்கு மெசேஜே வந்துச்சு." கிளார்க் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுகிறார். "வியாழக்கிழமையே அனுப்பியாச்சு சார், பாருங்க."

இதில் யார் பொய் சொல்கிறார்கள்? யாருமே இல்லை. அதுதான் இந்தக் கதையில் ருசியான இடம்.

எஸ்எம்எஸ் என்பது போன் கால் மாதிரி நேராகப் போகிற சமாச்சாரம் இல்லை, கிட்டத்தட்ட தபால் மாதிரி. அனுப்பும் மெசேஜ் முதலில் மொபைல் கம்பெனியின் எஸ்எம்எஸ் சென்டரில் போய் உட்காரும். அங்கே வந்து சேர்ந்த நேரம் அதன்மேல் முத்திரையாக விழும். பிறகு, "இந்த நம்பர் இப்போது எங்கே இருக்கிறது?" என்று சென்டர் விசாரிக்கும். போன் ஆஃப் ஆகியிருந்தால் மெசேஜ் அங்கேயே காத்திருக்கும். போன் மறுபடி நெட்வொர்க்கில் தலைகாட்டியதும் சென்டருக்குத் தகவல் போய், மெசேஜ் கிளம்பும். எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று ஒரு கெடுவும் உண்டு. அது தாண்டினால் மெசேஜ் குப்பைக்குத்தான்.

நம் கதாநாயகியின் போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம். உள்ளே இருப்பது இங்கிலாந்து சிம். இந்திய சிம் மேஜை டிராயரில் தூங்குகிறது. பேங்க் ஓடிபி வேண்டும்போது மட்டும் எடுத்துப் போடுவாள் (வெளிநாட்டில் இருக்கும் பாதிப் பேர் இப்படித்தான்). வெள்ளி மதியம் அதற்காகப் போட்டபோதுதான் ரிசல்ட்டும் கூடவே விழுந்தது.

தாமதம் யாரால் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. பல ஆண்ட்ராய்ட் போன்களில் மெசேஜை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் அனுப்பிய நேரம், கிடைத்த நேரம் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இவளுக்கு அனுப்பியது வியாழன் 1.22, கிடைத்தது வெள்ளி 2.03. இந்தியக் கணக்கில் 1.22 என்றால் மாலை 5.52. வெளியான 22-வது நிமிடமே கிளம்பிவிட்டது. ஒரு லட்சம் பேருக்கு நொடிக்கு 50 மெசேஜ் வீதம் அனுப்பினால்கூட 33 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆகவே அது நியாயமான நேரம்தான். இரண்டு நேரமும் வெள்ளிக்கிழமை என்றிருந்தால் தப்பு அனுப்பியவர் பக்கம் என்று சண்டை போடலாம். இங்கே முடியாது.

அப்போ தப்பு முழுக்க அந்தப் பெண்மேலா? அப்படியும் சொல்ல முடியாது. கிளார்க் காட்டிய லிஸ்ட்டில் இருப்பது சென்டர் வாங்கிக்கொண்ட கணக்கு மட்டுமே. போனில் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு டெலிவரி ரிப்போர்ட் என்று தனியாக ஒன்று வரும், அதைப் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் டெலிவரி ஆகாத நம்பர்களை மட்டும் பிரித்து ஒரு ஈமெயில் தட்டிவிட என்ன செலவு ஆகிவிடும்?

"மெசேஜ் கிடைத்த நேரத்திலிருந்து கெடுவை எண்ணுங்கள்" என்று சிலர் கேட்கலாம். அது நடக்காது. போனை ஆஃப் செய்துவிட்டு கெடுவை இழுத்துக்கொண்டே போக ஆள் இருக்கிறது, ஹி ஹி. கெடு வெளியான நேரத்திலிருந்தே ஓடட்டும். ஆனால் ரிசல்ட் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வரும், மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்பதை இரண்டு நாள் முன்பே ஒரு மெசேஜில் சொல்லிவிடலாமே. இங்கிலீஷில் 160 எழுத்து இடம் இருக்கிறது, அதற்கு இது தாராளம். டிராயரில் கிடக்கும் சிம்முக்கு அதுவும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். வந்தாலும் அவளுக்கு இன்னும் ஒரு முழு நாள் கையில் இருக்கும்.